ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் அன்றைக்கு இயக்குநர்தானா? கம்பெனிப் பதிவேட்டில் தேடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பிரைவேட் கம்பெனியின் இயக்குநர்கள் யாரென்று எங்கே போய்ப் பார்ப்பது?

கம்பெனி எந்த நாட்டுச் சட்டப்படி பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டுப் பதிவேட்டில் பார்க்க வேண்டும். ஆபீஸ் எங்கே இருக்கிறது, இணையதளம் எந்த நாட்டு முகவரியில் ஓடுகிறது என்பதெல்லாம் இதற்குக் கணக்கில்லை. பிரிட்டனில் பதிவான கம்பெனி என்றால் கம்பெனீஸ் ஹவுஸ், இந்தியாவில் என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in, சிங்கப்பூரில் என்றால் அந்நாட்டுப் பதிவு அமைப்பான அக்ரா நடத்தும் Bizfile, ஜெர்மனியில் என்றால் handelsregister.de. அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் ஒரே பதிவேடு கிடையாது. எந்த மாநிலத்தில் பதிவு என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் கம்பெனீஸ் ஹவுஸை வைத்தே விளக்குகிறேன். அங்கே லாகின் வேண்டாம், பணம் வேண்டாம், கம்பெனி தாக்கல் செய்த மூலப் படிவங்களையே பிடிஎஃப்பாகத் திறந்து பார்க்கலாம். ஒரு பதிவேட்டை எப்படி வாசிப்பது என்று பழக அதைவிட வசதியான இடம் இல்லை. அதில் பிடிபட்டுவிட்டால் மற்ற நாடுகளில் எதைத் தேட வேண்டும் என்பது தானாகவே தெரியும்.

பெயரைப் போட்டால் பத்து கம்பெனி வருகிறது. எது நான் தேடுவது?

பெயரை விடுங்கள், பதிவு எண்ணைப் பிடியுங்கள். பிரிட்டன் கம்பெனிகள் தங்கள் கடிதத்திலும் ஆர்டர் படிவத்திலும் இணையதளத்திலும் அந்த எண்ணைக் கட்டாயம் காட்ட வேண்டும். பெரும்பாலும் இணையதளத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். மொத்தம் எட்டு எழுத்துகள்: இங்கிலாந்து, வேல்ஸ் கம்பெனி என்றால் எட்டும் எண்கள், ஸ்காட்லாந்து என்றால் SC என்றும் வடக்கு அயர்லாந்து என்றால் NI என்றும் தொடங்கும். சிலர் முன்னால் வரும் பூஜ்யத்தை விட்டுவிட்டு எழுதுவார்கள், அதைச் சேர்த்துத் தேடுங்கள்.

கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டாலும் அந்த எண் மாறாது. பழைய பெயரை வேறொரு புதுக் கம்பெனி எடுத்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு. அதனால் சில வருடங்களுக்கு முந்தைய ஒப்பந்தத்தில் உள்ள பெயரை இன்றைக்குத் தேடினால், சம்பந்தமே இல்லாத கம்பெனி முன்னால் வந்து நிற்கலாம். கம்பெனீஸ் ஹவுஸில் அந்தக் கம்பெனியின் Overview பக்கத்தின் கீழ்ப்பகுதியில் முந்தைய பெயர்களும் அவை எந்தத் தேதிவரை இருந்தன என்பதும் இருக்கும். அதை ஒப்பந்தத் தேதியோடு ஒத்துப்பாருங்கள்.

இந்தியாவில் கொஞ்சம் கவனம் வேண்டும். அங்குள்ள CIN என்ற 21 எழுத்துப் பதிவு எண்ணுக்குள்ளேயே மாநிலம், தொழில் வகை, பங்குச் சந்தையில் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அடங்கியிருக்கும். பதிவு அலுவலகம் வேறு மாநிலத்துக்குப் போனாலே CIN மாறிவிடும்.

கம்பெனீஸ் ஹவுஸின் People பக்கத்தில் பெயர் இருக்கிறது, Active என்றும் போட்டிருக்கிறது. அது போதாதா?

இன்றைக்கு யார் என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் ஓரளவு போதும். ஆனால் பலர் உண்மையில் தேடி வருவது, குறிப்பிட்ட ஒரு நாளில் யார் பொறுப்பில் இருந்தார் என்பதைத்தான். ஒப்பந்தம் போட்ட நாள், கடன் வாங்கிய நாள், காசோலை கொடுத்த நாள். அதற்கு People பக்கம் மட்டும் போதாது. என்னைக் கேட்டால், இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வதால் வருபவை.

காரணம் இதுதான். அந்தப் பக்கம் கம்பெனி தாக்கல் செய்த படிவங்களிலிருந்து எடுத்த சுருக்கம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு தேதிகள் உண்டு: மாற்றம் நடந்த தேதி, அதைப் பதிவாளரிடம் தெரிவித்த தேதி. சுருக்கத்தில் முதல் தேதி மட்டும்தான் தெரியும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் சிக்கல் எல்லாம் இருக்கிறது. பிரிட்டன் சட்டப்படி 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், இந்தியாவில் 30 நாள். எல்லோரும் கெடுவுக்குள் தெரிவித்துவிடுவதில்லை.

சரி, ஒரு குறிப்பிட்ட நாளில் யார் இயக்குநராக இருந்தார் என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு முழுசாகப் போய்ப் பார்ப்போம். 2024 மார்ச் 14 அன்று ஒரு கம்பெனியோடு சப்ளை ஒப்பந்தம் போட்டீர்கள். கம்பெனியின் சார்பில் இயக்குநர் என்று கையெழுத்துப் போட்டவரை ‘முதலாமவர்’ என்று வைத்துக்கொள்வோம். பணம் வரவில்லை. இப்போது கம்பெனி, அவருக்கு அன்றைக்கு எங்கள் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரமே இல்லை என்கிறது.

People பக்கத்தைத் திறந்ததும், நடப்பில் உள்ளவர்களை மட்டும் காட்டும் Current officers என்ற வடிகட்டி போட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அப்போதுதான் விலகியவர்களும் தெரிவார்கள். முதலாமவருக்கு நேரே Appointed on 3 June 2019, Resigned on 1 March 2024 என்று இருக்கிறது. இரண்டாமவர் ஒருவர் 2024 மார்ச் 1 அன்று நியமனமாகியிருக்கிறார். இதோடு நிறுத்தினால் கம்பெனி சொல்வதுதான் சரி என்று தோன்றும்: கையெழுத்துக்குப் பதின்மூன்று நாள் முன்னாலேயே அவர் போய்விட்டார்.

அடுத்து Filing history பக்கத்துக்குப் போங்கள். அங்கே Officers என்ற வகையை மட்டும் டிக் செய்தால் கணக்கறிக்கைகள் எல்லாம் விலகி, ஆட்கள் தொடர்பான படிவங்கள் மட்டும் நிற்கும். இயக்குநர் நியமனம் என்றால் AP01, இயக்குநர் விலகல் என்றால் TM01, இருப்பவரின் விவரம் மாறினால் CH01. கம்பெனி செயலர் வந்தால் AP03, போனால் TM02. நமக்கு வேண்டியது முதலாமவருக்கான TM01. வரிசையின் இடது ஓரத்தில் உள்ள தேதி 22 Mar 2024. விவரத்தில் இருப்பது, மார்ச் 1 முதல் இயக்குநர் பொறுப்பு முடிந்தது என்பது. பிடிஎஃப்பைத் திறந்தால் தலைப்பகுதியில் Received for filing in Electronic Format on the: 22/03/2024 என்ற வரி இருக்கும். நம் கேள்விக்கு முடிவு சொல்வது அந்த ஒரு வரிதான்.

இப்போது கதை மாறுகிறது. மார்ச் 1 அன்று விலகியதாகச் சொல்லப்படுகிறவரைப் பற்றி, மார்ச் 22 வரை பதிவாளருக்கு யாரும் தெரிவிக்கவில்லை. 14 நாள் கெடு மார்ச் 15 அன்றே முடிந்துவிட்டது. ஒப்பந்தம் போட்ட மார்ச் 14 அன்று நீங்கள் பதிவேட்டைத் திறந்து பார்த்திருந்தாலும் அவர் பெயர் Active என்றுதான் இருந்திருக்கும். இரண்டாமவரின் AP01 படிவமும் அதே மார்ச் 22 அன்று வந்திருந்தால், இரண்டு படிவத்தையும் ஒரே கை ஒரே நாளில் போட்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். விலகலுக்குப் பழைய தேதி போட்டதாக அதுவே நிரூபித்துவிடாது. ஆனால் இயக்குநர் குழுத் தீர்மானத்தையும் விலகல் கடிதத்தையும் காட்டுங்கள் என்று கேட்க நல்ல காரணம் கிடைத்துவிட்டது.

அப்படியென்றால் ஒப்பந்தம் செல்லுமா, செல்லாதா?

அதை வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் பதிவேட்டில் கண்ட அந்தத் தேதி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லலாம். பிரிட்டனின் 2006ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, இயக்குநர் மாற்றம் முறைப்படி அறிவிக்கப்படாத நிலையில், அது தெரியாத வெளியாளுக்கு எதிராக அந்த மாற்றத்தைக் கம்பெனி காட்ட முடியாது. பதவி முடிந்தது பின்னால் தெரியவந்தது என்பதற்காக, இயக்குநராக இருந்து செய்த காரியம் செல்லாமல் போகாது என்றும் அதே சட்டத்தில் உண்டு. ஆகவே ‘எப்போது விலகினார்’ என்பதைவிட ‘எப்போது ஊருக்குத் தெரிந்தது’ என்பதே உங்கள் கட்சிக்குப் பலம்.

மறுபக்கத்தையும் மறக்க வேண்டாம். பதிவேட்டில் பெயர் இல்லாததாலேயே ஒருவர் இயக்குநர் இல்லை என்று ஆகிவிடாது. நியமனம் நடப்பது கம்பெனிக்குள்ளே எடுக்கும் முடிவால். பதிவேடு அதைப் பின்னால் குறித்துக்கொள்கிறது. நேற்று நியமனமானவர் இன்று கையெழுத்துப் போட வந்தால் தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்குவதுதான் வழி.

எல்லா நாட்டிலும் இப்படித்தானா?

இல்லை. ஜெர்மனியில் பதிவேட்டை நடத்துவது நீதிமன்றங்கள். மாற்றத்தை நோட்டரி வழியாகத்தான் தெரிவிக்க முடியும், நீதிமன்றம் பார்த்த பிறகே பதிவாகும். அங்கும் வணிகச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இதே பாதுகாப்பை இன்னும் அழுத்தமாகத் தருகிறது: பதிய வேண்டியதைப் பதியாமல் விட்டவர், அது தெரியாத மூன்றாம் ஆளிடம் அதைச் சொல்லித் தப்ப முடியாது.

அங்கே 2022 ஆகஸ்ட் 1 முதல் பதிவேட்டு நகல்கள் இலவசம். நமக்கு முக்கியமானவை இரண்டு வகை நகல்கள்: AD என்பது இன்றைய நிலை மட்டும், CD என்பது நீக்கப்பட்ட பதிவுகளும் சேர்ந்த காலவரிசை. பழைய நாளைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் CD எடுங்கள். அதில் அடிக்கோடிட்ட பெயர்கள் இப்போது பதவியில் இல்லாதவர்கள். அழகுக்குப் போட்ட கோடு என்று நினைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதைவிட உபயோகமான இன்னொரு தகவலும் அங்கே இருக்கும்: இயக்குநர் தனியாகவே கையெழுத்துப் போடலாமா, இன்னொருவரோடு சேர்ந்துதான் போட வேண்டுமா என்பது. பிரிட்டன் பதிவேட்டில் அப்படி ஒரு விவரம் கிடையாது.

CEO, CFO பெயரைத் தேடினேன், வரவே இல்லையே?

அவர்கள் இயக்குநர் குழுவில் இல்லாவிட்டால் பிரிட்டன் பதிவேட்டில் வர மாட்டார்கள். விசிட்டிங் கார்டில் எவ்வளவு பெரிய பதவி இருந்தாலும் சரி. அங்கே பொறுப்பாளர்களாகப் பதிவாகிறவர்கள் இயக்குநர்களும், இருந்தால் கம்பெனி செயலரும் மட்டும்தான். பிரைவேட் கம்பெனிக்குச் செயலர் கட்டாயமில்லை என்று 2008 ஏப்ரலில் ஆகிவிட்டதால் அந்த இடம் காலியாக இருந்தால் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘சேல்ஸ் டைரக்டர்’ என்று அட்டையில் இருப்பதை வைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. அது வேலைப் பதவியின் பெயராக மட்டும் இருக்கலாம். பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் சட்டப்படி இயக்குநர் என்று நம்ப ஆதாரம் உண்டு.

சிங்கப்பூரில் தலைமைச் செயல் அதிகாரி, செயலர், ஆடிட்டர் ஆகியோரும் பதிவேட்டில் வருவார்கள். இந்தியாவில் நிர்வாக இயக்குநர், தலைமை நிதி அதிகாரி, கம்பெனி செயலர் போன்றோர் முக்கிய நிர்வாகப் பொறுப்பாளர்கள் என்ற தனி வகை. நியமித்திருந்தால் பதிவில் இருப்பார்கள். ஆனால் சிறிய பிரைவேட் கம்பெனிகளுக்கு இப்படி யாரையும் நியமிக்கும் கட்டாயம் இல்லை. செலுத்திய மூலதனம் 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் முழுநேரக் கம்பெனி செயலர் வேண்டும்.

இந்தியாவில் பழைய இயக்குநர்களைப் பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, கொஞ்சம் செலவோடு. கம்பெனியின் மாஸ்டர் டேட்டாவில் தெரிவது இப்போது இருப்பவர்கள் மட்டும். முந்தையவர்களுக்கு, கட்டணம் செலுத்தி View Public Documents வழியாகப் படிவங்களைப் பார்க்க வேண்டும். அங்கே இரண்டு படிவங்களைத் தேடுங்கள். நியமனமோ விலகலோ நடக்கும்போது போடும் DIR-12 ஒன்று. ஆண்டறிக்கையான MGT-7, சிறிய கம்பெனி என்றால் MGT-7A, இன்னொன்று. ஆண்டறிக்கையில் நிதியாண்டு முடிவில் யார் யார் இருந்தார்கள், நடுவில் யார் வந்தார்கள் போனார்கள் என்று ஒரு அட்டவணையே இருக்கும். முதலில் அதைப் பார்த்து எந்த வருடம் மாற்றம் என்று பிடித்துக்கொண்டு, அப்புறம் அந்த வருடத்து DIR-12 படிவத்துக்குப் போனால் நேரம் மிச்சம்.

DIR-12 படிவத்தைத் திறக்கும்போது இணைப்புகளை விட்டுவிடாதீர்கள். விலகல் கடிதமே அங்கே இருக்கலாம். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, விலகல் கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த தேதி, கடிதத்தில் குறிப்பிட்ட தேதி இரண்டில் எது பிந்தையதோ அதிலிருந்துதான் விலகல் நடைமுறைக்கு வருகிறது. கடிதத்தில் மார்ச் 1 என்று இருந்து, கம்பெனிக்கு மார்ச் 20 அன்றுதான் கிடைத்ததென்றால் விலகல் மார்ச் 20.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். இருவரும் ஒருவரா?

இந்தியாவில் இது எளிது. ஒவ்வொரு இயக்குநருக்கும் எட்டு இலக்க DIN எண் உண்டு. எண் ஒன்றென்றால் ஆள் ஒன்று.

பிரிட்டனில் ஒத்துப்பார்க்க வேண்டும். பிறந்த தேதியில் மாதமும் வருடமும் மட்டுமே 2015 அக்டோபரிலிருந்து வெளியே காட்டப்படுகின்றன. பெயரும் மாதமும் வருடமும் ஒத்திருந்தால் பெரும்பாலும் ஒரே ஆள்தான், ஆனால் வழக்கமான பெயர் என்றால் அது மட்டும் போதாது. தொடர்பு முகவரி, குடியுரிமை, இருவரும் பொறுப்பு வகித்த வேறு கம்பெனி என்று இன்னொன்றும் சேர வேண்டும். முகவரியை மட்டும் நம்பவே கூடாது. ஒரு கணக்காளர் அலுவலகத்தின் முகவரியை ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்திருப்பார்கள்.

இதன் தலைகீழும் நடக்கும். ஒருவரின் பெயரைச் சொடுக்கினால் அவருடைய மற்றக் கம்பெனிகள் வரிசையாக வரும். அதை முழுப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு படிவத்தில் நடுப்பெயர் சேர்த்தும் இன்னொன்றில் சேர்க்காமலும் எழுதியிருந்தால், அமைப்பு அவரை இரண்டு தனி ஆட்களாக வைத்திருக்கும். ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம், தனிப் பட்டியல். அதனால் பெயரைச் சில விதமாக எழுதி, Officers தேடலில் மறுபடியும் போட்டுப் பாருங்கள்.

பதிவேட்டில் இருப்பது உண்மை என்று யார் உத்தரவாதம் தருகிறார்கள்?

கம்பெனீஸ் ஹவுஸ் நெடுங்காலம் வந்த படிவத்தை வந்தபடியே ஏற்றுக்கொண்டது. இல்லாத ஆட்களையும், தங்களுக்கே தெரியாமல் பெயர் சேர்க்கப்பட்டவர்களையும் அதில் காணலாம். 2023இல் வந்த பொருளாதாரக் குற்றச் சட்டத்துக்குப் பிறகு 2024 மார்ச் 4 முதல் பதிவாளருக்குக் கேள்வி கேட்கவும் நிராகரிக்கவும் அதிகாரம் வந்தது. 2025 நவம்பர் 18 முதல் புதிதாக வரும் இயக்குநர்கள் அடையாளச் சரிபார்ப்பு முடித்தாக வேண்டும். ஏற்கெனவே இருந்தவர்களுக்குப் படிப்படியாகச் செய்ய ஒரு வருட அவகாசம் கொடுத்தார்கள். ஆக, அதற்கு முன்பே விலகிப்போனவர்களின் பெயரை யாரும் சரிபார்த்ததில்லை என்று வைத்துக்கொண்டே வாசியுங்கள்.

இயக்குநர் இடத்தில் இன்னொரு கம்பெனியின் பெயர் இருக்கிறதே?

பிரிட்டனில் அது சாத்தியம்தான். ஆனால் குறைந்தது ஒரு இயக்குநராவது மனிதராக இருக்க வேண்டும். அந்தக் கம்பெனிக்கு நேரே எங்கே பதிவானது, என்ன எண் என்று கொடுத்திருப்பார்கள். அதை வைத்து அடுத்த பதிவேட்டுக்குப் போங்கள். சில சமயம் ரகசியம் காக்கும் நாட்டில் போய் முட்டி நிற்கும். அப்போது People பக்கத்திலேயே உள்ள Persons with significant control பகுதியைப் பாருங்கள். 25 சதவீதத்துக்கு மேல் பங்கோ வாக்குரிமையோ வைத்திருப்பவர்களை 2016 ஏப்ரலிலிருந்து அங்கே காட்ட வேண்டும். அவர்கள் உரிமையாளர்கள். இயக்குநர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அமெரிக்க மாநிலமான டெலவேரில் பதிவான கம்பெனியைத் தேடினால் ஒரு பெயரும் வரவில்லை?

வராது. டெலவேரின் இலவசத் தேடலில் கம்பெனியின் பெயர், பதிவு எண், தொடங்கிய தேதி, பதிவு முகவர் ஆகியவைதான் கிடைக்கும். அங்கே தெரியும் முகவர், சட்டக் கடிதங்களை வாங்கிக்கொள்ளும் தொழில் நடத்துபவர். கம்பெனியை நடத்துபவர் என்று எண்ணி அவருக்கு நோட்டீஸில் சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் ஒரு வழி உண்டு. டெலவேர் கம்பெனி வேறொரு மாநிலத்தில் தொழில் செய்தால் அங்கேயும் பதிய வேண்டும். ஃபுளோரிடா, கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் பொறுப்பாளர் பெயர்களைக் கேட்டு வாங்கி, இணையத்தில் இலவசமாகவே காட்டுகின்றன. கம்பெனியின் ஆபீஸ் எங்கே என்று பார்த்து அந்த மாநிலப் பதிவேட்டில் தேடுங்கள்.

நூற்றுக்கணக்கான கம்பெனிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றாகத் திறக்க முடியுமா?

வேண்டாம். நிரல் வழியாகத் தகவல் கேட்டு வாங்க, கம்பெனீஸ் ஹவுஸ் இலவச ஏபிஐ தருகிறது. பதிவு செய்து ஒரு கீ வாங்கிக்கொண்டு இப்படிக் கேட்கலாம்:

```
curl -u API_KEY: "https://api.company-information.service.gov.uk/company/COMPANY_NUMBER/officers"
```

பதிலில் ஒவ்வொருவருக்கும் name, officer_role, appointed_on ஆகியவை வரும். விலகியவருக்கு resigned_on கூடுதலாக வரும். ஐந்து நிமிடத்துக்கு 600 கோரிக்கை வரை அனுமதி. நினைவில் வைக்க வேண்டியது, இதுவும் People பக்கத்தின் அதே சுருக்கம்தான். தாக்கல் தேதி வேண்டுமென்றால் அதே முகவரியில் officers என்ற இடத்தில் filing-history என்று போட்டுத் தனியாகக் கேட்க வேண்டும்.

கண்டுபிடித்ததை ஆதாரமாக வைப்பது எப்படி?

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது உங்கள் ஞாபகத்துக்கு உதவும். எதிர்த்தரப்பு மறுத்தால் அது பலவீனமானது. TM01, AP01 படிவங்களின் பிடிஎஃப்பையே இறக்கி, எந்தத் தேதியில் இறக்கினீர்கள் என்று குறித்து வையுங்கள். நீதிமன்றத்துக்கு வேண்டுமென்றால் அதே படிவத்தின் சான்றளித்த நகலைக் கம்பெனீஸ் ஹவுஸே கட்டணத்துக்குத் தருகிறது. ஒப்பந்தம் போடும் நாளிலேயே செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு: கையெழுத்து வாங்கும் முன் அந்த நாளின் People பக்கத்தைப் பிடிஎஃப்பாகச் சேமித்து, ஒப்பந்தக் கோப்போடு வைத்துவிடுங்கள். பின்னால் படிவங்கள் எந்தத் தேதியில் வந்தாலும், அன்றைக்குப் பதிவேட்டில் என்ன இருந்தது என்பதும் நீங்கள் அதைப் பார்த்தீர்கள் என்பதும் உங்கள் கையில் இருக்கும்.